அண்ணனின் கணக்குகளை நாங்கள் மூடிய வரிசை

அண்ணன் இறந்தது ஐப்பசி மழையில். திருவட்டாருக்கு மேற்கே அவனுக்கு ஒரு நர்சரி இருந்தது. ரம்புட்டான், ஒட்டுப் பலா, நல்லமிளகு, கிராம்பு என்று கன்று வளர்த்து விற்பான். 51 வயது. மாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றான், நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், விடியும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மைனி அவன் போனை என் கையில் தந்து, "தம்பி, இதுல உள்ளதெல்லாம் என்ன ஆவும்?" என்று கேட்டாள். அதில்தான் அவன் தொழிலே இருந்தது. முன்பணம் கொடுத்தவர்களின் ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில், தாய்மரங்களின் படங்கள் கூகுளில், நர்சரியின் பக்கம் ஃபேஸ்புக்கில். போனோ பூட்டிக் கிடந்தது. எண்பூட்டு மைனிக்கும் தெரியாது, கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் தெரியாது.

அடுத்த ஆறு மாதத்தில் இந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடினோம். சிலவற்றில் தப்பினோம், ஒன்றில் இழந்தோம். இழந்ததற்குக் காரணம் அவசரம். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று அன்று எங்களுக்குச் சொல்லித் தர ஆளில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் போன். பிள்ளை தன் பிறந்த நாள், அப்பாவின் பைக் எண் என்று நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் காத்திருக்கச் சொல்லும் நேரம் கூடிக்கொண்டே போனது. அடியந்திரச் சடங்குக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், மார்த்தாண்டத்தில் தெரிந்த கடையில் கொடுத்தால் லாக்கை உடைத்துத் தருவார்கள் என்றான். நானே கடைக்காரருக்கு போன் செய்து கேட்டேன். "சார், லாக் போவும், ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார். நேர்மையான மனிதர். கடைகளில் 'லாக் எடுப்பது' என்றால் பெரும்பாலும் போனை முழுதாக அழித்துப் புதிதாக்குவதுதான். அழித்த பிறகும் பழைய எண்பூட்டையோ பழைய கூகுள் கணக்கையோ கேட்டு ஆண்ட்ராய்டு மறுபடி வழிமறிக்கும். படமும் போயிருக்கும், போனும் திறந்திருக்காது. அதை சார்ஜில் போட்டு அப்படியே வைத்துவிட்டோம்.

எங்களைக் காப்பாற்றியது நர்சரி ஷெட்டில் தூசி படிந்து கிடந்த லேப்டாப். பில் அடிக்க வாங்கியது. நாலாம் நாள் பிள்ளை அதைத் திறந்தபோது குரோமில் அண்ணனின் கூகுள் கணக்கு திறந்தபடியே இருந்தது. பக்கத்துத் தாவலில் வாட்ஸ்அப் வெப் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இறந்தது தெரியாத ஆட்கள் அனுப்பிய செய்திகள் அதில் வந்து விழுந்துகொண்டிருந்தன. "அண்ணாச்சி, கன்னு ரெடியா?" என்று ஒருவர். பிள்ளை அழுதுவிட்டாள்.

இப்படி ஒரு கருவி வீட்டில் கிடைத்தால் அதில் செய்யக் கூடாதவை சில உண்டு. கணக்கிலிருந்து வெளியேறும் பொத்தானைத் தொடக் கூடாது. 'மெதுவாக இருக்கிறதே' என்று யாராவது பிரவுசரைத் துடைத்துச் சுத்தம் செய்ய விடக் கூடாது. சர்வீஸுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த உள்நுழைவு ஒரு தடவை போனால் போனதுதான், திரும்பக் கடவுச்சொல் கேட்கும்.

வாட்ஸ்அப்புக்கு மட்டும் கெடு இன்னும் குறுகியது. லேப்டாப்பில் இணைத்த வாட்ஸ்அப், போன் அணைந்திருந்தாலும் தானாக ஓடும். ஆனால் முதன்மைப் போனை 14 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைந்த கருவிகள் எல்லாம் துண்டிக்கப்படும். எங்கள் போன் பூட்டிக் கிடந்ததால் அந்த 14 நாள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டதும் பிள்ளையும் நானும் வேறு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தோம். ஆர்டர் தந்தவர் பெயர், ஊர், என்ன கன்று, எத்தனை, எவ்வளவு முன்பணம். மொத்தம் 31 பேர். பத்தாம் நாளுக்குள் எழுதி முடித்து, ஒவ்வொருவருக்கும் என் போனிலிருந்து பேசி விஷயத்தைச் சொன்னோம். அடியந்திரத்துக்கு முந்தின நாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் வாட்ஸ்அப் வெளியேறியிருந்தது, வெறும் கட்டம் போட்ட குறியீடுதான் தெரிந்தது.

இடையில் ஒரு கண்டமும் தப்பியது. அண்ணனின் சிம்மை எடுத்து வேறு போனில் போட்டு அதில் வாட்ஸ்அப் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்று சின்ன அத்தான் பிடிவாதமாகச் சொன்னார். உண்மையில் நடப்பது வேறு. புதுப் போனில் பதிவு செய்த அந்தக் கணமே பழைய போனும் லேப்டாப்பும் துண்டிக்கப்பட்டுவிடும். புதுப் போனிலோ பழைய உரையாடல் இருக்காது. அது கூகுளில் சேமித்த நகலிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு அண்ணனின் கூகுள் கணக்கு அந்தப் போனில் வேண்டும். நல்ல வேளை, பிள்ளை சிம்மைத் தொட விடவில்லை.

ஆனால் சிம்மை உயிரோடு வைக்க வேண்டும். அது பிரீபெய்டு எண். யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாதபோது நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வங்கிச் செய்தி, கரண்ட் பில், கேஸ் புக்கிங் எல்லாம் போய்ச் சேருவது அந்த எண்ணுக்கு. நர்சரி போர்டிலும் அதுவே எழுதியிருக்கிறது. எழுத வேண்டியதை எழுதி முடித்து, லேப்டாப் வாட்ஸ்அப்பும் துண்டான பிறகு, சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு ரீசார்ஜ் செய்து மைனியிடம் கொடுத்தோம்.

பணம் சம்பந்தமாக ஒன்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அண்ணனின் ஏடிஎம் கார்டு பின் மைனிக்குத் தெரிந்திருந்தது. பந்தல்காரருக்கு அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்குக்காரர் இறந்த பிறகு அவருடைய பின்னைப் போட்டுப் பணம் எடுப்பது, மனைவியே எடுத்தாலும், பின்னால் வாரிசுகளுக்குள் கேள்வியாக வரும், வங்கியிலும் கேள்வியாக வரும். கிளைக்குப் போய் இறப்பைத் தெரிவித்தோம். மைனி நாமினி என்பதால் இறப்புச் சான்றிதழும் கோரிக்கைப் படிவமும் கொடுத்ததோடு வேலை முடிந்தது.

இனி நாங்கள் இழந்த கதை.

அண்ணனின் ஃபேஸ்புக்கில் அவன் கூட்டாளி ஒருவர், பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம், இரண்டாம் வாரம் ஒரு காரியம் செய்தார். எங்கள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் படம் எடுத்து ஃபேஸ்புக்குக்கு அனுப்பி, கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் கேட்டுவிட்டார். பாசத்தில் செய்ததுதான். அவன் பெயரில் யாரும் விளையாடிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. சில நாளில் அண்ணன் பெயரோடு 'Remembering' என்ற சொல் வந்து சேர்ந்தது. பார்த்தபோது எங்களுக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

அதன் பின்விளைவு பிறகுதான் புரிந்தது. நினைவுக் கணக்காக மாறிய பிறகு அதற்குள் யாரும் நுழைய முடியாது. சரியான கடவுச்சொல் கையில் இருந்தாலும் முடியாது. இறப்பதற்கு முன் அவனே ஒருவரை மரபுத் தொடர்பாளராக நியமித்திருந்தால், அவர் முகப்புப் படத்தை மாற்றலாம், அஞ்சலிக் குறிப்பு ஒன்றை மேலே நிறுத்தி வைக்கலாம், கணக்கை நீக்கக் கேட்கலாம். அவரும்கூட மெசஞ்சரில் உள்ள எதையும் படிக்க முடியாது. அண்ணன் யாரையும் நியமிக்கவில்லை.

நர்சரியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு அண்ணன் ஒருவன்தான் நிர்வாகி. ஒரே நிர்வாகியின் கணக்கு நினைவுக் கணக்காக மாறினால் அவர் நடத்திய பக்கம் நீக்கப்படும் என்பது அவர்களுடைய எழுதி வைத்த விதி. ஏழு வருடமாக அவன் போட்ட ஒட்டுக் கட்டும் காணொளிகள், கன்று வாங்கிப் போனவர்கள் காய்த்த பிறகு அனுப்பிய படங்கள், கேள்வி பதில்கள் எல்லாம் அந்தப் பக்கத்தோடு போயின. அந்த நண்பர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. விதியைத் தெரியாதது நாங்களும்தான்.

கடை, சங்கம், கோயில் கமிட்டி என்று எதற்காவது பக்கம் நடத்துகிறவர் வீட்டில் உண்டென்றால் இரண்டாவது ஆளை நிர்வாகியாக இன்றைக்கே சேர்க்கச் சொல்லுங்கள். அவர் இறந்த பிறகு என்றால், ஒரே நிர்வாகியா என்று விசாரித்து, பக்கத்தில் உள்ளதைச் சேமித்த பிறகு மட்டும் நினைவுக் கணக்குக்கு விண்ணப்பியுங்கள். நண்பர்களிடமும் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் விண்ணப்பிக்க வீட்டார் சம்மதம் கட்டாயமில்லை.

இந்த அடிக்குப் பிறகு கூகுள் கணக்கில் நிதானமாக நடந்தோம். ஒரு சித்தப்பா, "அந்த ஈமெயிலையும் மூடிரு, ஒரேடியா முடிஞ்சிரும்" என்றார். மூடினால் படங்களும் சேர்ந்து அழியும் என்பது அவருக்குத் தெரியாது. அவசரமும் இல்லை. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைத்தான் கூகுள் அழிக்கலாம் என்று வைத்திருக்கிறது. ஆக, மூடுவது கடைசி வேலை.

இறந்தவரின் கணக்குக்காக கூகுளில் ஒரு படிவம் இருக்கிறது. 'Submit a request regarding a deceased user's account' என்று தேடினால் வரும். கணக்கை மூட, பணம் இருந்தால் கேட்க, உள்ளடக்கத்தைக் கேட்க என்று தனித்தனி வழிகள். கடவுச்சொல்லை யாருக்கும் தர மாட்டோம் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். உள்ளடக்கம் கேட்டால் ஆராய்ந்துதான் முடிவு, அமெரிக்க நீதிமன்ற ஆணை வரை கேட்கப்படலாம். திருவட்டாரில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமில்லை. எங்களுக்கு வேண்டிய படங்கள் லேப்டாப்பில் கண்முன்னே இருந்தன. அதனால் அந்த வழிக்குப் போகவில்லை.

படங்களை எடுப்பதற்கு முன் மைனி ஒரு வார்த்தை சொன்னாள். "படம் மட்டும் எடுங்க தம்பி. அவியளுக்கு வந்த லெட்டர் ஒண்ணையும் பாக்காண்டாம்." அதன்படியே ஜிமெயிலைத் திறக்கவில்லை. உயிரோடு இருந்தால் எதைக் காட்டியிருக்க மாட்டானோ அதை இறந்த பிறகும் பார்க்காமல் விடுவதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

எல்லாவற்றையும் மொத்தமாக இறக்க கூகுளிலேயே 'Takeout' என்று ஒன்று உண்டு. ஆனால் அதைத் தொட்டதும் கடவுச்சொல்லை மறுபடி கேட்டது. தப்பாக எதையாவது அடித்து உள்ள உள்நுழைவையும் இழந்துவிடக் கூடாதென்று உடனே பின்வாங்கினோம். photos.google.com பக்கத்திலேயே படங்களைத் தேர்ந்தெடுத்து இறக்கினோம். ஒரு தடவைக்கு 500 வரைதான் எடுக்கலாம். எங்களிடம் ஏறத்தாழ 6,400 இருந்தன. 500 எண்ணி எடுப்பதை விட மாதம் மாதமாக எடுப்பதே நல்லது. கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி பதிந்திருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது இருக்காது. இறக்கியதும் எல்லாம் இன்றைய தேதி காட்டும். '2019 ஜூன்' என்று தனித் தனி உறையில் போட்டு வைத்ததால் காலம் குழம்பவில்லை.

மூன்று வருடப் படங்களை இறக்கிய பிறகுதான் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்தாள். அண்ணன் ஒவ்வொரு தாய்மரத்தின் படத்துக்குக் கீழேயும் விவரிப்புப் பகுதியில் குறிப்பு எழுதி வைத்திருந்தான். எந்த ஊர், யார் தோட்டம், எந்த மாதம் காய்க்கும், சுளை எப்படி, மொட்டு எடுத்த தேதி, எத்தனை ஒட்டு பிடித்தது. லேப்டாப் திரையில் குறிப்பு தெரிகிறது. இறக்கிய படத்தைத் திறந்தால் மரம் மட்டும் இருக்கிறது, குறிப்பு இல்லை. அந்தப் பகுதியில் எழுதுவது படத்துக்குள் பதிவதில்லை, கூகுளிடம் தனியாக இருக்கிறது. 'Takeout' வழியாக எடுத்திருந்தால் தனிக் கோப்பாகக் கூட வந்திருக்கும். நேரடியாக இறக்கியதில் அது வராது.

நர்சரிக்காரனுக்கு அந்தக் குறிப்புதான் சொத்து. ரம்புட்டானை விதை போட்டு வளர்த்தால் ஆண் மரமாகவும் வரலாம், அது காய்க்காது. அதனால்தான் நல்ல பெண் மரத்திலிருந்து மொட்டு எடுத்துக் கட்டுகிறார்கள். எந்த மரம் என்று தெரியாவிட்டால் அடுத்த வருடம் எங்கே போய் மொட்டு எடுப்பது? ஒட்டுப் பலாவுக்கும் தாய்மரம் எது என்று தெரிய வேண்டும். சுளை இனிக்கும் மரத்தை ஊர் ஊராகப் போய்த் தேடிப் பிடித்தவன் அவன்.

மைனி ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிள்ளை திரையைப் பார்த்து வாசிப்பாள், மைனி எழுதுவாள். கூடவே படத்தின் கோப்புப் பெயரையும் எழுதினார்கள், பின்னால் படத்தோடு பொருத்திப் பார்க்க. நேரம் குறைவாக இருந்தால் திரையையே படம் பிடித்திருக்கலாம். ஆனால் எழுதும்போது மைனிக்கு ஒவ்வொரு மரமும் நினைவுக்கு வந்தது. "இது குலசேகரத்து மரம், அண்ணைக்கு மழையில நனைஞ்சுட்டு வந்தாவ" என்பாள். மாலை மாலையாக எழுதி 212 மரங்கள் முடிய ஒன்றரை மாதம் ஆனது.

இதற்கிடையே இறப்புச் சான்றிதழ் வாங்கினோம். இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பதிவு. எங்களுக்கு ஆஸ்பத்திரி இருந்த நாகர்கோவில் மாநகராட்சி, திருவட்டார் அல்ல. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பியிருந்தது. ஆனால் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சான்றிதழ் அச்சாகும் முன்பே பார்த்துவிட வேண்டும், பின்னால் திருத்துவது அலைச்சல். நம் மாநிலச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அது கூகுளுக்கு வசதி, ஏனென்றால் ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். crstn.org தளத்திலிருந்து இறக்கிய நகலையே பயன்படுத்தினோம்.

கணக்கை மூடும் படிவத்தை நிரப்பும் முன் இன்னொன்றும் பார்த்தோம். அந்த ஈமெயில் வேறு எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது? நர்சரியின் ஜிஎஸ்டி கணக்கு, எல்ஐசி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மூன்றிலும் அதுதான். ஒவ்வொன்றிலும் மைனியின் முகவரிக்கு மாற்றிய பிறகே படிவத்துக்குப் போனோம். மூடிய ஜிமெயில் முகவரியைப் புதிதாக யாரும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் மாற்ற மறந்தது ஏதும் இருந்தால் அங்கே கடவுச்சொல் மாற்றும் கடிதம்கூட வந்து சேராது.

படிவத்தில் அண்ணனின் முழுப் பெயர், அவன் ஈமெயில், இறந்த தேதி, மைனியின் பெயர், முகவரி, உறவு எல்லாம் கேட்டார்கள். மைனியின் அடையாள அட்டையும் இறப்புச் சான்றிதழும் ஸ்கேன் செய்து சேர்த்தோம். கணக்கில் அவன் பெயருக்குப் பதில் நர்சரியின் பெயரை வைத்திருந்தான். சான்றிதழோடு அது ஒத்துப் போகாதே என்று, இருவரும் ஒருவரே என்பதை விளக்கத்தில் இரண்டு வரி எழுதினோம். சில வாரம் கழித்து, மூடியாகிவிட்டது என்று மைனியின் ஈமெயிலுக்குப் பதில் வந்தது.

அதே வாரம் நான் என் கணக்கில் myaccount.google.com/inactive பக்கத்தைத் திறந்தேன். நான் இத்தனை மாதம் நுழையாவிட்டால் என் படங்கள் இன்னாருக்குப் போகட்டும் என்று அங்கே எழுதி வைக்கலாம். மூன்று மாதம் முதல் 18 மாதம் வரை நாமே கெடு வைக்கலாம், 10 பேர் வரை சேர்க்கலாம். அண்ணன் இதைச் செய்திருந்தால் மைனி ஒன்றரை மாதம் எழுதியிருக்க வேண்டாம். நான் என் மனைவியையும் அண்ணன் மகளையும் சேர்த்திருக்கிறேன். படங்கள் மட்டும் போகும்படி, கடிதங்கள் போகாதபடி குறித்திருக்கிறேன்.

கடைசியாக சிம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றும் கொண்டு போய் எண்ணை மைனியின் பெயருக்கு மாற்றினோம். பிறகு அவள் போனில் அந்த எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கியபோது, அண்ணன் எப்போதோ வைத்திருந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. தெரியாதென்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், காத்திருந்தோம். உள்ளே போனதும் முதல் வேலையாகப் பெயரையும் படத்தையும் மாற்றச் சொன்னேன். அப்படியும் ஒரு நிமிடம் பிந்திவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் அம்மையின் போனில் அண்ணன் முகத்துக்குக் கீழே 'ஆன்லைன்' என்று தெரிந்திருக்கிறது. அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். இதைச் செய்யப் போகிறவர்கள் முன்கூட்டியே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது போர்டில் உள்ள எண்ணுக்கு யாராவது கூப்பிட்டால் மைனி எடுக்கிறாள். சென்ற வாரம் நான் அங்கே இருந்தபோது கருங்கலிலிருந்து ஒருவர், "அண்ணன் இல்லியா?" என்று கேட்டார். மைனி விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு அவர் ரம்புட்டான் கேட்டார். மைனி நோட்டைப் புரட்டி, "குலசேகரத்து மரத்துல எடுத்தது 14 கன்னு இருக்கு, வேணுமா?" என்றாள்.